வளைத்த பிறகு அளவு வரவில்லையா? ஃப்ளாட் பேட்டர்ன் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி

லேசரில் வெட்டி வந்த பிளாங்க் படத்தில் உள்ளபடியே இருக்கும். பிரஸ் பிரேக்கில் வளைத்ததும் ஜாப் ஒரு மி.மீ. கூடியோ குறைந்தோ நிற்கும். உடனே டிசைன் மேசைக்குப் போய் கே-ஃபேக்டரை 0.5-லிருந்து 0.44 ஆக்குவார்கள். பிறகு 0.40, அதன்பின் 0.38. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பிளாங்க் வீணாகும். கே-ஃபேக்டரில் கை வைப்பது இந்த வரிசையில் கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை எளியவை, செலவில்லாதவை. பெரும்பாலான கோளாறு அவற்றிலேயே பிடிபட்டுவிடும்.

கணக்கு குழம்பாமல் இருக்க, கீழே எல்லா இடத்திலும் ஒரே ஜாபைத்தான் எடுத்துக்கொள்கிறேன். 2 மி.மீ. எம்.எஸ். ஷீட்டில் ஒரு யு சானல். வெளி அளவுகள் 40, 100, 40. இரண்டு வளைவும் 90 டிகிரி. 16 மி.மீ. வி-டையில் ஏர் பெண்டிங், அதாவது பஞ்ச் ஷீட்டை டையின் அடிவரை அழுத்தாமல் பாதியில் நிற்கும் முறை. அடிவரை அழுத்தி வளைப்பவர்களுக்கு ரேடியஸ் பற்றிய சில வரிகள் பொருந்தாது. அங்கே பஞ்ச் முனையின் ரேடியஸ்தான் ஜாபில் விழும்.

90 டிகிரி வளைவுக்குத் தேவையான கணக்கு இவ்வளவுதான்:

```
BA = 1.5708 × (R + K × T)
BD = 2 × (R + T) − BA
பிளாங்க் நீளம் = வெளி அளவுகளின் கூட்டல் − (வளைவுகளின் எண்ணிக்கை × BD)
```

T ஷீட்டின் தடிமன். R வளைவின் உள் ரேடியஸ். K கே-ஃபேக்டர், வளைக்கும்போது நீளமும் சுருக்கமும் இல்லாத நடு அடுக்கு உள்பரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத் தடிமனின் பங்காகச் சொல்லும் எண். BA என்பது பெண்ட் அலவன்ஸ், வளைவுக்குள் போகும் ஷீட்டின் நீளம். BD என்பது பெண்ட் டிடக்‌ஷன், வெளி அளவுகளைக் கூட்டியதிலிருந்து ஒரு வளைவுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது. ஷாப்பில் நின்று வெர்னியரால் நேராக அளந்து கண்டுபிடிக்கக்கூடியது BD மட்டும்தான் என்பதால் இங்கே அதைச் சுற்றியே பேசுவோம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: மூன்று அளவு

வளைத்த ஜாபை அளந்து, அதிலிருந்து காரணத்தை ஊகிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. அதே வெட்டில் வந்த, இன்னும் வளைக்காத ஒரு பிளாங்க்கை எடுத்து அதன் நீளத்தை அளந்து எழுதுங்கள். படத்தில் உள்ள எண்ணை எழுதாதீர்கள். பிறகு மைக்ரோமீட்டரில் தடிமன். ஓரத்தில் பர்ர் இருந்தால் அதைத் தேய்த்துவிட்டு, ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி அளக்க வேண்டும். மூன்றாவது, வளைத்த ஜாபின் கோணம், கோணமானியில்.

யு சானலின் அகலத்தை அளக்கும்போது வெர்னியரை வளைவுக்கு அருகில், அடிப்பக்கம் பிடியுங்கள். வாய்ப்பக்கம் பிடித்தால் கோணப் பிழை அளவுப் பிழைபோலத் தெரியும். 40 மி.மீ. உயர ஃப்ளேஞ்ச் 2 டிகிரி திறந்திருந்தால் அதன் நுனி ஏறக்குறைய 1.4 மி.மீ. வெளியே போயிருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 2.8. இதைப் பார்த்துவிட்டு ஃப்ளாட் பேட்டர்னைக் குறைத்தால் கோணத்தைச் சரிசெய்யும் நாளில் ஜாப் சின்னதாகிவிடும்.

இந்த எண்கள் கையில் வந்ததும் ஒரே ஒரு கழித்தல்: வளைத்த ஜாபின் வெளி அளவுகள் எல்லாவற்றையும் கூட்டி, பிளாங்க்கின் உண்மையான நீளத்தைக் கழித்து, வளைவுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வருவது உங்கள் மெஷினின் உண்மையான BD. மென்பொருள் எடுத்துக்கொண்ட BD-யோடு அதை ஒப்பிட்டாலே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றென்றால் ஃப்ளாட் பேட்டர்னில் குறையில்லை. கோளாறு பிளாங்க் வெட்டிலோ பேக் கேஜிலோ கோணத்திலோ இருக்கிறது.

## அறிகுறி 1: எல்லா அளவும் கூடுதலாக வருகிறது, வளைவு கூடக் கூடப் பிழையும் கூடுகிறது

எல் வடிவ ஜாபில் ஒரு மி.மீ., யு-வில் இரண்டு, நான்கு வளைவு உள்ள பெட்டியில் நான்கு. இப்படிச் சீராக ஏறினால் ஒவ்வொரு வளைவுக்கும் BD தவறாகப் போயிருக்கிறது என்று பொருள்.

பிளாங்க்கே தவறா? நீளத்தோடு, அதே பிளாங்க்கில் உள்ள ஒரு துளையையும் அளந்து பாருங்கள். வெளி அளவு 0.3 மி.மீ. குறைந்து, துளை 0.3 மி.மீ. பெரிதாக இருந்தால் லேசரில் கெர்ஃப் ஈடு போடாமல் வெட்டியிருக்கிறார்கள். வெளி அளவு கூடி, துளை சிறுத்திருந்தால் ஈடு அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது. இந்தப் பிழை வளைவுகளின் எண்ணிக்கையோடு ஏறாது, பிளாங்க்குக்கு ஒருமுறை மட்டும் வரும் என்பது கூடுதல் அடையாளம். லேசர் ஆப்பரேட்டரே ஐந்து நிமிடத்தில் சரிசெய்யும் விஷயம் இது. ஆனால் செவ்வக பிளாங்க்கின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லை என்றால், அல்லது எக்ஸ் திசையில் சரியாகவும் ஒய் திசையில் தவறாகவும் வந்தால், அது மெஷினின் அச்சு சம்பந்தப்பட்டது. அங்கே சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். ஃப்ளாட் பேட்டர்னில் அதை ஈடுகட்ட முயலாதீர்கள்.

மென்பொருளில் ரேடியஸ் தவறா? அறிகுறி 1-ன் உண்மையான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. டிசைனர் 3டி மாடலில் உள் ரேடியஸை 1 மி.மீ. என்று வைத்திருப்பார், பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக, அல்லது மென்பொருள் திறக்கும்போதே அப்படி இருந்தது என்பதற்காக. ஏர் பெண்டிங்கில் ரேடியஸை டிசைனர் தீர்மானிப்பதில்லை. வி-டையின் வாய்தான் தீர்மானிக்கிறது. எம்.எஸ். ஷீட்டுக்கு வாய் அகலத்தில் சுமார் 16 சதவீதம் உள் ரேடியஸாக வரும். 16 மி.மீ. வாய்க்கு அது 2.56, அதாவது 2.6 என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்ச் முனை இதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் பஞ்ச்சின் ரேடியஸ் விழும்.

நம் யு சானலில் இது என்ன செய்கிறது என்று போட்டுப் பார்ப்போம். மாடலில் R = 1, K = 0.5.

```
BA = 1.5708 × (1 + 0.5 × 2) = 3.14
BD = 2 × (1 + 2) − 3.14 = 2.86
பிளாங்க் = 180 − 2 × 2.86 = 174.28
```

மெஷினில் நடப்பது R = 2.6, K = 0.42.

```
BA = 1.5708 × (2.6 + 0.42 × 2) = 5.40
BD = 2 × (2.6 + 2) − 5.40 = 3.80
பிளாங்க் = 180 − 2 × 3.80 = 172.40
```

ஒரு வளைவுக்கு 0.94 வித்தியாசம், இரண்டுக்கும் சேர்த்து 1.88. அந்த 1.88 மி.மீ. எங்காவது வெளிப்பட்டே தீரும். எங்கே என்பதை அறிகுறி 2-ல் பார்க்கலாம்.

இதில் கே-ஃபேக்டரின் பங்கு எவ்வளவு? ரேடியஸை 2.6 என்று சரியாக வைத்துவிட்டால், K-ஐ 0.40-லிருந்து 0.45-க்கு மாற்றினாலும் ஒரு வளைவுக்கு 0.16 மி.மீ.தான் நகரும். ரேடியஸ் 1-லிருந்து 2.6-க்குப் போவதால் மட்டும் சுமார் 0.7 மி.மீ. நகர்கிறது. சின்னத் திருகைப் பிடித்துக்கொண்டு பெரிய பிழையைச் சரிசெய்யப் பார்ப்பதால்தான் பிளாங்க் பிளாங்க்காகக் கழிவுப் பெட்டிக்குப் போகிறது.

தடிமன் தவறா? 2 மி.மீ. என்று வரும் ஷீட் 1.85 இருப்பது அதிசயமில்லை. அப்போது BD 3.80-லிருந்து 3.60 ஆகிவிடும். ஜாப் ஒரு வளைவுக்கு 0.2 மி.மீ. குறைவாக வரும். அதாவது இந்தக் காரணம் எதிர்த் திசையில் இழுக்கும். "எல்லாம் கூடுதலாக வருகிறது" என்ற புகாருக்கு மெல்லிய ஷீட் காரணமாக இருக்க முடியாது. பெயின்ட் அடித்த பிறகு அளந்தால் பெயின்டின் தடிமனையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். பவுடர் கோட்டிங் முடிந்த ஜாபை வைத்து வளைவுக் கணக்கைப் பேசாதீர்கள்.

கடைசியில் கே-ஃபேக்டர். மேலே உள்ளவை எல்லாம் சரி என்றால் ஒரு சோதனைத் துண்டை வளைத்து உங்கள் மெஷினின் எண்ணை எடுத்துவிடலாம்.

### சோதனைத் துண்டு

100 மி.மீ. நீளம், 50 அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். ஜாப் எந்த ஷீட்டோ அதே ஷீட்டில், உருட்டிய திசை ஜாபில் எப்படி விழுகிறதோ அப்படியே. நீளத்தை அளந்து துண்டின் மேலேயே எழுதுங்கள். நடுவில் 90 டிகிரி வளையுங்கள். கோணமானியில் 90 வரும்வரை ஆழத்தைத் திருத்துங்கள். 92-ல் நிற்கும் துண்டை வைத்துக் கணக்குப் போட்டால் BD 0.2 மி.மீ. தவறிப்போகும், அத்தனையும் வீண். கோணம் சரியானதும் இரண்டு கால்களின் வெளி அளவையும் எடுங்கள். மார்பிள் பலகையை ஆதாரமாக வைத்து, உயர அளவுகோலால் எடுத்தால் கை நடுக்கம் உள்ளே வராது.

ஒரு கால் 51.95, மற்றது 51.85, துண்டின் நீளம் 100.00 என்று வந்தால்:

```
BD = 51.95 + 51.85 − 100.00 = 3.80
```

இரண்டு காலும் சமமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வளைவு நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது; கூட்டலில் அது காணாமல் போய்விடும். இனி ரேடியஸ் கேஜ் வைத்து உள் ரேடியஸைப் பாருங்கள். 2.6-க்கு இலை இருக்காது. 2.5 இலை சற்று இறுக்கமில்லாமல் ஆடி, 3 இலை நடுவில் வெளிச்சம் காட்டினால் இரண்டுக்கும் இடையில் என்று தெரியும். வாய் அகலக் கணக்கும் 2.6 என்றே சொல்கிறது. இப்போது K-ஐத் திருப்பிக் கணக்கிடலாம்:

```
BA = 2 × (2.6 + 2) − 3.80 = 5.40
K  = (5.40 ÷ 1.5708 − 2.6) ÷ 2 = 0.42
```

ஏர் பெண்டிங்கில் 0.38-க்கும் 0.46-க்கும் இடையில் எங்காவது வந்தால் நம்பலாம். 0.25 என்றோ 0.55 என்றோ வந்தால் K-ஐ அப்படியே மென்பொருளில் ஏற்றாதீர்கள். அளவிலோ ரேடியஸிலோ தவறு இருக்கிறது, திரும்ப அளங்கள்.

கிடைத்த எண்ணைத் தடிமன், மெட்டீரியல், வி-வாய் மூன்றோடும் சேர்த்து எழுதி வையுங்கள். "2 மி.மீ. எம்.எஸ். BD 3.80" என்று மட்டும் சுவரில் ஒட்டினால் ஆறு மாதம் கழித்து வேறு டையில் யாராவது அதைப் பயன்படுத்துவார்கள். "2 எம்.எஸ்., வி 16, BD 3.80" என்று எழுதினால் கேள்வி எழாது.

## அறிகுறி 2: ஃப்ளேஞ்ச் இரண்டும் கச்சிதம், நடுப்பலகை மட்டும் கூடுதல்

"ஓரம் இரண்டும் கரெக்டா 40 இருக்கு, நடுதான் 101.9 வருது, அதனால டிசைன்ல நடு அளவைக் குறைச்சுடு" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உண்மையில் இது அறிகுறி 1-தான், வேறு உருவத்தில்.

பேக் கேஜை ஆப்பரேட்டர் எப்படி வைக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பிழை எங்கே போய் ஒதுங்கும் என்பது. மேலே பார்த்த 174.28 பிளாங்க்கையே எடுத்துக்கொள்வோம். படத்தில் உள்ள வளைவுக் கோட்டை நம்பி, ஓரத்திலிருந்து 38.57-ல் வளைத்தால் ஃப்ளேஞ்ச் 40.47, நடு 100.94, மறு ஃப்ளேஞ்ச் 40.47 என்று வரும். பிழை எல்லா இடத்திலும் பரவிவிட்டது. அதே பிளாங்க்கில் ஆப்பரேட்டர் ஒரு துண்டை வளைத்துப் பார்த்து, ஃப்ளேஞ்ச் 40 வரும்படி பேக் கேஜைத் திருத்திக்கொண்டால் இரண்டு ஃப்ளேஞ்சும் 40.00 ஆகும், மிச்சம் 1.88 மொத்தமும் நடுவில் சேர்ந்து 101.88 ஆகிவிடும். நல்ல ஆப்பரேட்டர் இருக்கும் ஷாப்பில் இந்த அறிகுறிதான் அதிகம், ஏனென்றால் அவர் தன் கையில் உள்ளதைச் சரிசெய்துவிட்டார்.

அதனால் ஒரு அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், மூன்றையும் கூட்டி பிளாங்க்கைக் கழித்துப் பாருங்கள். 40 + 101.88 + 40 − 174.28 = 7.60, இரண்டால் வகுத்தால் 3.80. மென்பொருளில் உள்ளது 2.86. நடு அளவைக் குறைத்து மாடலைக் கெடுக்கத் தேவையில்லை, ரேடியஸைத் திருத்தினால் போதும். மாடலில் நடுவை 98.12 என்று பொய்யாக வைத்தால் அதில் உள்ள துளைகளின் இடைவெளியும் சேர்ந்து நகரும். பொருத்தும்போதுதான் அது தெரியவரும்.

கூட்டல் சரியாக வந்து, ஒரு ஃப்ளேஞ்ச் கூடுதல், மறுபக்கம் அதே அளவு குறைவு என்றால் ஃப்ளாட் பேட்டர்னை மறந்துவிடுங்கள். பிளாங்க்கின் ஓரத்தில் லேசர் விட்டுச்சென்ற சிறு ஒட்டுமுனை பேக் கேஜில் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அரத்தால் இரண்டு இழுப்பில் தீரும் விஷயம் இது. பிறகு எந்த ஓரத்தை முட்டவைத்து வளைக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் வளைவை வெட்டு ஓரத்திலிருந்தும் இரண்டாவதை வளைத்த ஃப்ளேஞ்சின் முகத்திலிருந்தும் எடுத்தால் முதல் வளைவின் பிழை இரண்டாவதில் ஏறிக்கொள்ளும். இரண்டும் சரி என்றால் பேக் கேஜை ஒரே எண்ணில் வைத்து ஐந்து துண்டுகளை வளையுங்கள். ஃப்ளேஞ்ச் துண்டுக்குத் துண்டு 0.2-க்கு மேல் ஆடினால் பேக் கேஜின் திருகிலோ பெல்ட்டிலோ தேய்மானம். அது மெக்கானிக் வேலை.

## அறிகுறி 3: போன தடவை சரியாக வந்தது, இப்போது வரவில்லை

படம் அதே, புரோகிராம் அதே. இதில் தேட வேண்டியது ஒன்றுதான்: எது மாறியது?

முதலில் டையைப் பாருங்கள். வேறு ஜாபுக்காக 12 மி.மீ. வாய் மாட்டியிருந்து, அதிலேயே நம் சானலையும் வளைத்திருப்பார்கள். 12 வாய்க்கு ரேடியஸ் 1.9, BD சுமார் 3.50. ஒரு வளைவுக்கு 0.3 மி.மீ. குறைந்துவிடும். 20 வாய்க்கு BD சுமார் 4.05, 0.25 கூடும். பல வாய்கள் கொண்ட நாலுமுக டையில் தவறான முகத்தைத் திருப்பி வைப்பது யாருக்கும் நடக்கும், ஆழத்தைத் திருத்திக் கோணமும் 90 வந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது மெட்டீரியல். அதே 2 மி.மீ. சானலை 304 எஸ்.எஸ்.-ல் கேட்டால் அதே ஃப்ளாட் பேட்டர்னை அனுப்பிவிடுவார்கள். எஸ்.எஸ்.-ல் ரேடியஸ் வாயின் 20 முதல் 22 சதவீதம் வரை போகும். 16 வாயில் ஏறக்குறைய 3.4. BD சுமார் 4.14. யு சானல் மொத்தத்தில் 0.7 மி.மீ. பெரிதாக வரும். கோணமும் கூடுதலாகத் துள்ளித் திரும்பும், அதனால் பஞ்ச் ஆழமாக இறங்க வேண்டும். எஸ்.எஸ்.-க்குத் தனியாகச் சோதனைத் துண்டு போட்டே ஆக வேண்டும், எம்.எஸ். எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது.

மூன்றாவது புதிய லாட் ஷீட். தடிமனை அளந்து பழைய லாட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய எண்ணே எழுதி வைக்கவில்லை என்றால் கழிவில் கிடக்கும் பழைய துண்டை எடுத்து அளக்கலாம்.

## அறிகுறி 4: கோணமே நிலையாக வரவில்லை

ஏர் பெண்டிங்கில் ஆழம்தான் கோணம். 16 மி.மீ. வாயில் பஞ்ச் 0.14 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோணம் சுமார் 1 டிகிரி மூடும். இதைவிடச் சிறிய வாயில் இன்னும் பதற்றமாக இருக்கும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் டைக்கு அடியில் கிடக்கும் ஒரு துளி லேசர் கசடு என்ன செய்யும் என்பது புரியும்.

நீளமான ஒரு ஜாபை வளைத்து இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் கோணத்தை எடுங்கள்.

துண்டுக்குத் துண்டு மாறுகிறது, ஒரே துண்டில் மூன்று இடமும் சமம்: ஷீட்டின் தடிமன் மாறுகிறது, அல்லது நெஸ்டிங் மென்பொருள் இடம் மிச்சம் பிடிக்க சில பிளாங்க்குகளை 90 டிகிரி திருப்பி வைத்திருக்கிறது. உருட்டிய திசை வளைவுக்கு இணையாக உள்ளவையும் குறுக்காக உள்ளவையும் ஒரே மாதிரி துள்ளாது. நெஸ்டிங்கில் சுழற்சியைப் பூட்டிவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள்.

இடதும் வலதும் வேறுபடுகிறது: டையைக் கழற்றி அதன் அடிப்பாகத்தையும் மேசையையும் துடையுங்கள். மாட்டிய பிறகும் அப்படியே என்றால் ராம் சாய்ந்திருக்கிறது. கண்ட்ரோலரில் இடம் வலம் தனித்தனியாகத் திருத்த வசதி இருந்தால் ஆப்பரேட்டரே செய்யலாம். திருத்தியது நாளுக்கு நாள் நழுவினால் சர்வீஸ்.

இரண்டு ஓரமும் 90, நடு 92: சுமையில் மெஷினின் மேசையும் ராமும் நடுவில் விலகுகின்றன. கிரவுனிங் வசதி இருந்தால் அதைக் கூட்டுங்கள். இல்லாத மெஷினில் டையின் நடுப்பகுதிக்கு அடியில் மெல்லிய ஷிம் வைத்து ஒப்பேற்றுவது வழக்கம். அவசர வேலைக்குச் சரி. ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் கோணம் திறக்கிறது என்றால் டையின் தோள் அங்கே தேய்ந்திருக்கிறது. நகத்தால் தடவினாலே பள்ளம் தட்டுப்படும். ஷிம் வைப்பதை விட்டுவிட்டு டையைத் தேய்த்து எடுக்கவோ மாற்றவோ வேண்டும்.

கோணம் அடங்கும் வரை அளவைப் பற்றிப் பேசாதீர்கள். கோணம் ஆடும்போது எடுத்த எந்த BD-யும் செல்லாது.

## அறிகுறி 5: 90 டிகிரி வளைவு சரி, மற்ற கோணங்கள் மட்டும் தவறு

பிழை பல மி.மீ.: கோணம் எந்தப் பக்கத்திலிருந்து அளக்கப்பட்டது என்ற குழப்பம்தான். படத்தில் 120 என்று இருந்தால் அது இரண்டு பலகைகளுக்கு இடையில் உள்ள கோணம். ஷீட் தட்டையிலிருந்து வளைந்தது 60 டிகிரிதான். கணக்கில் போக வேண்டியது இந்த 60. நம் ஷீட்டுக்கு 60 டிகிரி வளைவின் BD 1.71; 120 என்று போட்டால் 8.73 கழித்துவிடும். ஒரே வளைவில் 7 மி.மீ. போய்விடும். 90-ல் இரண்டு கோணமும் ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு அங்கே வெளியே தெரியாது.

பிழை ஒரு மி.மீ. அளவில்: யாரோ ரேடியஸைத் திருத்தாமல் K-ஐ மட்டும் திருகி 90 டிகிரியைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். R = 1 என்றே விட்டுவிட்டு K-ஐ 0.20 ஆக்கினால் 90 டிகிரி BD அழகாக 3.80 வரும். எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள். அதே அமைப்பில் 60 டிகிரி வளைவின் BD 2.00 என்று வரும், இருக்க வேண்டியது 1.71. 120 டிகிரி மடித்த கூர் வளைவில் 7.46 வரும், இருக்க வேண்டியது 8.73. மென்பொருளில் K 0.30-க்குக் கீழே இருப்பதைப் பார்த்தால் இதைத்தான் சந்தேகியுங்கள். ரேடியஸை உண்மைக்கு மாற்றி, K-ஐச் சோதனைத் துண்டிலிருந்து எடுத்தால் மூன்று கோணமும் ஒருசேரச் சரியாகும்.

கூர் வளைவில் மட்டும், 3 மி.மீ. போல குறைவாகத் தெரிகிறது: அளக்கும் முறையைப் பாருங்கள். படத்தில் அளவு இரண்டு வெளிப்பரப்புகளும் நீட்டிச் சந்திக்கும் கற்பனை மூலையிலிருந்து போடப்பட்டிருக்கும். வெர்னியரின் தாடையோ வளைவின் புடைப்பில்தான் முட்டும். 120 டிகிரி மடித்த நம் ஷீட்டில் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் 3.37 மி.மீ. இருக்கிறது. ஜாபில் குறையில்லை. படத்தில் அளவைப் புடைப்பிலிருந்து போடச் சொல்லுங்கள், ஷாப்பில் யாராலும் கற்பனை மூலையை அளக்க முடியாது.

## அறிகுறி 6: வளைவுக்கு அருகில் உள்ள துளை முட்டை வடிவாகிறது, ஓரம் கிழிகிறது

அளவு சரியாக வந்த பிறகும் ஜாப் நிராகரிக்கப்படுவது இதனால்தான். வி-வாயின் மேல் தொங்கும் பகுதி முழுவதும் இழுபடும். வளைவுக் கோட்டிலிருந்து வாயின் பாதி தூரத்துக்குள், அதாவது 16 வாயில் 8 மி.மீ.-க்குள், துளையின் ஓரம் வந்தால் அது முட்டையாகும். முதலில் துளையை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் சிறிய வாய்க்கு மாறலாம். அப்போது BD மாறும் என்பதை மறக்க வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் துளைக்கும் வளைவுக்கும் நடுவே வளைவுக் கோட்டை ஒட்டி ஒரு பிளவு வெட்டலாம். கடைசி வழி, லேசரில் சின்ன வழிகாட்டித் துளை மட்டும் போட்டு, வளைத்த பிறகு டிரில் செய்வது. செலவும் இதில்தான் அதிகம்.

இதே கணக்குதான் குட்டை ஃப்ளேஞ்சுக்கும். ஓரம் டையின் தோளில் உட்காராமல் வாய்க்குள் நழுவினால் வளைவு கோணலாகும், ஆபத்தும் உண்டு. வாயின் 0.7 மடங்கை, 16 வாய்க்கு 11 மி.மீ. சொச்சத்தை, குறைந்தபட்ச ஃப்ளேஞ்சாக வைத்துக்கொள்ளலாம்.

வளைவு ஷீட்டின் முழு அகலத்துக்கும் ஓடாமல் நடுவில் முடிந்தால், முடியும் இடத்தில் ரிலீஃப் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அகலம் குறைந்தது ஷீட்டின் தடிமன் அளவு; ஆழம் வளைவு தொடங்கும் இடத்தைத் தாண்டி, ரேடியஸும் தடிமனும் சேர்ந்த அளவு. நம் ஷீட்டில் 2 அகலம், 5 ஆழம். டிசைனர் ரேடியஸை 1 என்று வைத்திருந்தால் மென்பொருள் 3 ஆழம்தான் வெட்டியிருக்கும், கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

வளைவின் வெளிப்பக்கத்திலேயே விரிசல் என்றால் பர்ர் உள்ள பக்கத்தை உள்ளே திருப்பி வளைத்துப் பாருங்கள். நிற்கவில்லையா, பிளாங்க்கை உருட்டிய திசைக்குக் குறுக்காக வளைவு விழும்படி நெஸ்ட் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய வாய். 6061-டி6 அலுமினியம் என்றால் இந்த மூன்றும் பல சமயம் கைகொடுக்காது. வளைப்பதற்கேற்ற 5052 போன்ற ரகத்துக்கு மாற முடியுமா என்று படம் கொடுத்தவரிடமே கேட்க வேண்டியதுதான், அந்த முடிவு ஷாப்பில் எடுக்கக்கூடியதல்ல.